சிறுகதை: ஆடுசதை (படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்)

மேலூர்_பாண்டி, ஞாயிறு இரவு 9.40

நண்பர்களே, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு கதை எழுதியிருக்கிறேன். என் சித்தப்பா மகள் டாக்டர். அவள் எங்கள் அப்பத்தாவின் காலை அளந்து பார்த்ததுதான் கதைக்கு விதை. முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நானாக எழுதியது. நான் வங்கியில் வேலை பார்க்கிறவன், மருத்துவம் தெரியாது. தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

*

காலையில் கயல் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பத்தா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தாள். தினமும் வார்டில் எத்தனையோ கால்களைப் பார்க்கிறவளுக்கு இந்தக் கால் மட்டும் கண்ணில் குத்தியது. ஆடுசதை இருந்த இடத்தில் தோல் தளர்ந்து, தண்ணீர் ஊற்ற ஊற்ற அசைந்தது. சின்ன வயதில் கடலைக்காட்டில் அப்பத்தாவின் பின்னாலேயே ஓடியபோது அவள் கண் உயரத்துக்கு எதிரே இருந்தது இந்தக் கால்தான். அப்போது அது எண்ணெய் தேய்த்த உலக்கை மாதிரி இருக்கும்.

தையல் மெஷின் டிராயரில் இருந்து இஞ்சு டேப்பை எடுத்து வந்தாள். அப்பத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் இரண்டும் தரையில் படியச் செய்து, கால் எங்கே அதிகப் பருமனாக இருக்கிறதோ அங்கே சுற்றிப் பார்த்தாள். முப்பதரை சென்டிமீட்டர். எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். அதே முப்பதரை.

"சந்தையில மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறியேடி. விக்கப் போறியா?"

"முப்பத்து மூணாவது இருக்கணும் அப்பத்தா."

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு."

"அந்தப் புஸ்தகம் எழுதுனவன் ஆறு புள்ள பெத்து, மூணு குறுக்கம் களை வெட்டியிருக்கானா?"

கையைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள் கயல். அப்பத்தா இரண்டு தடவை எழும்பி, இரண்டு தடவையும் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை நாற்காலிப் பிடியை ஊன்றித்தான் எழுந்தாள். எழுந்ததும் அதை மறைக்கிற மாதிரி சேலையை உதறிக்கொண்டாள்.

காலையில் கூழ், மத்தியானம் ரசச் சோறு, ராத்திரிக்கு டீயும் இரண்டு ரஸ்க்கும். கீழ்ப்பல் வரிசை போய் நாலு வருடம் ஆகிறது. வீட்டில் ஆறு கோழி நிற்கின்றன. முட்டையை அடை வைப்பாளே தவிர வாயில் வைக்க மாட்டாள்.

கயல் கிளம்பும் முன் சட்டம் போட்டாள். தினமும் இரண்டு முட்டை. அவித்த கடலையை அம்மியில் மசித்து ஒரு கை. காலையும் சாயங்காலமும் நாற்காலியில் இருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைக் கணக்குப்பிள்ளையாக நியமித்தாள். போனில் கேட்டபோதெல்லாம் "தின்னேன், தின்னேன்" என்றது அப்பத்தாவின் குரல்.

மூன்று வாரம் கழித்து, சாயங்காலப் பேருந்தில் ஆரப்பாளையத்தில் ஏறி வந்தாள் கயல். அப்பத்தா திண்ணையில் இருந்தாள். "பிரஷர் கூடிப்போச்சுன்னு மாத்திரையக் கூட்டிக் குடுத்திருக்காக" என்றாள். செருப்பைக் கழற்றிய பாதத்தில் வார் பதிந்த தடம் இருந்தது. கயல் டேப்பைச் சுற்றினாள். முப்பத்து மூன்று! நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினாள். முப்பத்து மூன்றேதான்.

"புஸ்தகக்காரன் பாஸ் போட்டுட்டானா?"

கயல் சிரித்துக்கொண்டே அப்பத்தாவைக் கட்டிக்கொண்டாள். வழியனுப்ப வந்த அப்பத்தா பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். "நீ போத்தா. நான் செத்த உக்காந்துட்டுப் போறேன்." பேருந்தில் ஏறியதும் கயல் தன் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள்: 33.

*

வைகைக்கரை_வாசகி, ஞாயிறு இரவு 10.15

அடை வைப்பாளே தவிர வாயில் வைக்க மாட்டாள் என்ற வரியில் என் அம்மாச்சியே எழுந்து வந்துவிட்டார். மாட்டுப் பல் உவமையும் அந்த மண்ணுக்கு உரியது. நடுவில் உணவுப் பட்டியல் கொஞ்சம் அரசு விளம்பரம் போல ஆகிவிட்டது, அதை மட்டும் குறைக்கலாம். "உலக்கை மாதிரி"யை ஒரு இடத்தோடு நிறுத்தியது நல்லது.

ஜிம்_கார்த்தி, ஞாயிறு இரவு 10.52

சூப்பர் ப்ரோ. வயதானால் தசை கரைகிற இதுக்குப் பெயர் சார்கோபீனியா. பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே, ஆண்களுக்கு 34-க்குக் கீழே இருந்தால் அந்த நோய் இருக்கிறது என்று அர்த்தம். ஆசியக் குழு 2019-ல் சொன்ன எண்கள் இவை. புரோட்டீன் ஏற்றினால் தசை வரும், கதையில் வந்தது போல. முட்டையோடு புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப் சேர்த்திருந்தால் இன்னும் வேகமாக வந்திருக்கும்.

தையல்கடை_அக்கா, திங்கள் காலை 7.05

எனக்கு மருத்துவம் தெரியாது தம்பி, டேப் தெரியும். டிராயரில் பல வருடம் கிடந்த டேப்பை நம்பவே கூடாது. இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும். என் கடைப் பழைய டேப்பைப் புதுசோடு வைத்துப் பார்த்தபோது அறுபது இஞ்சுக்கு அரை இஞ்சு வித்தியாசம். நீண்ட டேப்பில் அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். உங்கள் அப்பத்தாவுக்கு முதலிலேயே 33 இருந்திருக்கலாம் இல்லையா?

பிசியோ_மீனா, திங்கள் மதியம் 1.30

பாண்டி தம்பி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சந்தோஷமாக முடித்த இடத்தில்தான் எனக்குப் பகீர் என்றது. நான் வயதானவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவள்.

எழுபது வயதுக்கு மேல், முட்டையும் கடலையும் தின்று, மூன்றே வாரத்தில் ஆடுசதை இரண்டரை சென்டிமீட்டர் ஏறாது. இளவட்டம் ஜிம்முக்குப் போனாலும் ஏறாது. உடற்பயிற்சி தொடங்கினால் முதலில் கூடுவது பலம்தான். அதுவே நன்றாகத் தெரியப் பல வாரம் ஆகும். சுற்றளவு அதற்கும் பின்னால் மெதுவாக வரும், சிலருக்கு டேப்பில் தெரிகிற அளவுக்கு வராமலும் போகும்.

அப்படியானால் அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது? உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டீர்கள். பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செருப்பு வார் பாதத்தில் பதிந்திருக்கிறது. முதல் தடவை அளந்தது காலையில், இரண்டாம் தடவை சாயங்காலம். அது தசை இல்லை தம்பி, நீர். அந்த மாத்திரை அம்லோடிபினாக இருந்து, ஐந்து மில்லிகிராமைப் பத்தாக்கியிருந்தால் இரண்டு காலும் வீங்குவது அடிக்கடி பார்ப்பதுதான். பெண்களுக்கு இன்னும் அதிகம். காலையில் வடிந்திருக்கும், பொழுது சாயச் சாய ஏறும்.

அதனால் காலை அளக்கும் முன் கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்திய இடத்தில் குழி நின்றால் டேப்பை மடித்து வைத்துவிடலாம். அன்றைக்கு அது என்ன எண் காட்டினாலும் அதில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. உங்கள் கயல் டாக்டர், அவள் அழுத்திப் பார்க்காமல் கட்டிப்பிடித்ததை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

தையல்கடை அக்கா, உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அளவு சின்னது. அறுபதுக்கு அரை இஞ்சு நீண்ட டேப் முப்பது சென்டிமீட்டர் காலில் கால் சென்டிமீட்டர்தான் பிசகும். அதைவிட, டேப்பைச் சதைக்குள் பதிய இழுப்பதால் வரும் பிழை பெரிது. தோலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அமுக்கக் கூடாது. பருமனான இடம் என்று நாம் நினைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் சுற்றி, எது பெரிதோ அதைத்தான் எழுத வேண்டும்.

ஜிம்_கார்த்தி, திங்கள் மதியம் 2.10

சரி மேடம், 33 விஷயம் தப்பா? அந்த எண்ணை நான் படித்திருக்கிறேன்.

பிசியோ_மீனா, திங்கள் மதியம் 2.45

எண் சரி. அதை வைத்து நோய் என்று சொன்னதுதான் தப்பு. அது வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி, யாரை உள்ளே அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும். அடுத்து கைப்பிடி பலம் பார்ப்பார்கள், பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு. அல்லது கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்வார்கள். 12 விநாடி, அதற்கு மேல் ஆனால் யோசிக்க வேண்டும். தசை எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லத் தனி ஸ்கேனோ கருவியோ வேண்டும், அது ஊருக்கு ஊர் கிடையாது.

கதையில் என்னை உலுக்கியது முப்பதரை இல்லை. இரண்டு தடவை எழும்ப முடியாமல் உட்கார்ந்து, மூன்றாவது தடவை கையை ஊன்றி எழுந்து, அதை மறைக்கச் சேலையை உதறினாளே, அதுதான். ராத்திரி கழிவறைக்கு எழுந்து போகிறபோது விழுகிறவர்கள் இவர்கள்தான்.

பவுடர் பற்றி: அப்பத்தா நாற்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை, அதாவது நாளைக்கு நாற்பதிலிருந்து ஐம்பது கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், மசித்த கடலை, பருப்பு, சாப்பிடுகிற சோறு எல்லாம் சேர்ந்து அங்கே வந்துவிடும். பல் இல்லாதவருக்கு மசித்துக் கொடுத்தது கயல் செய்த நல்ல காரியம். ஆனால் புரதம் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகம் சரியாக வெளியேற்றுகிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே காட்டும், சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் ரிப்போர்ட் நன்றாக இருப்பது போலத் தெரியும்.

திருமங்கலம்_செல்வி, திங்கள் மாலை 6.20

இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. என் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாவது நாள் இடது கால் ஆடுசதை வீங்கியது. வயசாச்சு, நீர் கோத்திருக்கும் என்று நாங்கள் உப்பு ஒத்தடம் கொடுத்தோம். ஒரு டாக்டர் வந்து இரண்டு காலையும் அளந்து, இடது கால் நாலு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கிறது என்று உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். ரத்தக் கட்டி! கதையில் அப்பத்தாவுக்கும் அதுவாக இருக்குமோ? கயலை உடனே திரும்பி வரச் சொல்லுங்கள்.

மேலூர்_பாண்டி, திங்கள் மாலை 6.31

அக்கா, கயல் கதாபாத்திரம். திரும்பி வரச் சொல்வது என் கையில்தான் இருக்கிறது.

பிசியோ_மீனா, திங்கள் இரவு 8.00

செல்வி, உங்கள் வீட்டு டாக்டர் செய்தது சரியான காரியம், ஆனால் அது வேறு அளவு. ரத்தக் கட்டி சந்தேகத்தில் ஒரு காலை இன்னொரு காலோடு ஒப்பிடுவார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னால் துருத்துகிற எலும்பு முடிச்சில் இருந்து பத்து சென்டிமீட்டர் கீழே அளந்து, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது ஒரு முக்கியத் தடயம். பருமனான இடத்தைத் தேடிச் சுற்றுகிற வேலை அங்கே இல்லை. அப்பத்தாவுக்கு இரண்டு காலும் ஒன்று போல ஏறியிருந்தால் அந்தப் பயம் குறைவு. ஆனால் பாண்டி ஒரு காலைத்தான் அளக்க வைத்திருக்கிறார்! தம்பி, எந்தக் கால் என்றுகூட எழுதவில்லை.

உசிலை_ராசு, திங்கள் இரவு 9.12

எங்க ஊர்ப் பக்கக் கதை என்பதால் ஒரே மூச்சில் படித்தேன். ஆடுசதை என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் கெண்டைக்கால் என்று எழுதுகிறார்கள், எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் அந்த 33 எனக்கு ஒப்பவில்லை. என் அம்மாவுக்கு 68 வயது, கால் குச்சி. இப்போது அளந்தேன், 29. கல்யாணப் போட்டோவிலும் அதே கால்தான். இன்றைக்கும் தலையில் புல்லுக்கட்டு சுமக்கிறார். அவருக்கும் நோயா?

வைகைக்கரை_வாசகி, திங்கள் இரவு 9.30

எங்கள் வீட்டில் கெண்டைக்கால்தான். அந்தச் சதை கெண்டை மீன் போல இருப்பதால் என்று தாத்தா சொல்வார். மதுரைக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மாறும் போல.

பிசியோ_மீனா, திங்கள் இரவு 10.05

ராசு, உங்கள் அம்மாவை நாற்காலியில் இருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி மணி பாருங்கள். கையை ஊன்றக் கூடாது.

உசிலை_ராசு, திங்கள் இரவு 10.19

தூங்கப் போனவரை எழுப்பித் திட்டு வாங்கினேன். ஒன்பது விநாடி. "கிறுக்குப் பிடிச்சிருச்சா" என்று கேட்டார், அதையும் சேர்த்து.

பிசியோ_மீனா, திங்கள் இரவு 10.26

அப்படியானால் அவரைத் தூங்க விடுங்கள். பிறவியிலேயே மெலிந்த கால் வேறு, இருந்து கரைந்த கால் வேறு. டேப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அடுத்த பக்கமும் உண்டு, நல்ல சதைப்பிடிப்பான பெண்ணுக்குக் கால் 36 காட்டும், உள்ளே பாதி கொழுப்பாக இருக்கும்.

33 என்ற கோடு பெரும்பாலும் ஜப்பான், கொரியா, சீனா போன்ற நாடுகளின் முதியவர்களைப் பார்த்துப் போட்டது. வேறு ஒரு சத்துக்குறைவுப் படிவத்தில் 31 என்று இருக்கிறது. காட்டு வேலை செய்து மெலிந்த நம் பாட்டிமார்களுக்கு எந்தக் கோடு பொருந்தும் என்பதில் என்னோடு வேலை பார்த்த டாக்டர்களே இரண்டு கட்சி. நான் எண்ணை விட்டுவிட்டு, அதே ஆளின் போன வருட எண்ணோடு ஒப்பிடுகிற கட்சி.

ஜிம்_கார்த்தி, செவ்வாய் காலை 6.40

வீக்கம்தான் என்றால் நீர் மாத்திரை ஒன்று போட்டால் வடிந்துவிடுமே? என் தாத்தாவுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

பிசியோ_மீனா, செவ்வாய் காலை 7.15

உங்கள் தாத்தாவுக்கு இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ வந்த வீக்கமாக இருந்திருக்கும், அதற்கு அது சரி. அம்லோடிபின் வீக்கம் வேறு வழியில் வருகிறது. உடம்பில் தண்ணீர் கூடியதால் வருவதில்லை. சின்ன ரத்தக்குழாய்களின் வாயை அது திறந்துவிடுவதால் நீர் கீழே கசிகிறது. நீர் மாத்திரைக்கு அது பெரிதாக மசியாது. ஏற்கெனவே மெலிந்த கிழவிக்கு நீரையும் உப்பையும் இறக்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவாள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை மாத்திரை எழுதிய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறினால் அது இன்னொரு கதை.

மேலூர்_பாண்டி, செவ்வாய் இரவு 9.50

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அளவு மட்டும்தான் என் கற்பனை. மாத்திரையைக் கூட்டியதும், செருப்பு வார் தடமும் போன மாதம் நான் என் கண்ணால் பார்த்தவை. கதைக்கு உயிர் கொடுக்கும் சின்ன விவரம் என்று நினைத்துச் சேர்த்தேன். பிசியோ அக்கா எழுதியதைப் படித்ததும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்லோடிபின் 10 என்று இருக்கிறது.

தங்கைக்குப் போன் செய்தேன். "அண்ணே, கதையில என்னைய இவ்வளவு மண்டூகமாவா எழுதுவ?" என்று முதலில் அதற்குத்தான் கோபப்பட்டாள். அப்புறம் நாலு கேள்வி கேட்டாள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, முகம் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா, ஒரு கால் மட்டும் வலிக்கிறதா. எதுவும் இல்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இரண்டு காலையும் காலையிலும் மாலையிலும் அளக்கச் சொல்லியிருக்கிறாள்.

வைகைக்கரை_வாசகி, புதன் காலை 8.30

பாண்டி, அப்பத்தாவைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் கதையின் முடிவில் கை வைக்காதீர்கள். கயல் ஏமாந்து சந்தோஷப்படுகிறாள், அப்பத்தா பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிடுகிறாள். தெரிந்தவர்களுக்கு அந்தச் சுவர் போதும். திருத்தினால் அது மருத்துவக் கட்டுரை ஆகிவிடும்.

பிசியோ_மீனா, புதன் காலை 9.10

எத்தனை பேருக்குத் தெரியும்? கார்த்தி தம்பி முதல் நாள் "கதையில் வந்தது போல தசை வரும்" என்றுதான் எழுதினார். நாளைக்கு இன்னொரு பேரன் சாயங்காலம் டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான்.

வைகைக்கரை_வாசகி, புதன் காலை 9.25

கதைக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்பது என் கட்சி. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் அக்கா.

மேலூர்_பாண்டி, ஞாயிறு இரவு 8.15

ஊரில் இருந்து எழுதுகிறேன். தையல்கடை அக்கா சொன்னபடி புது டேப் வாங்கிப் போனேன். காலை ஆறரை மணிக்கு வலது கால் 30.4, இடது கால் 30.2. சாயங்காலம் ஆறு மணிக்கு வலது 32.3, இடது 32.0. ஒரே நாளில், ஒரே காலில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர்! முன்னெலும்பில் அழுத்தினேன். விரலை எடுத்தும் குழி அப்படியே நின்றது. அப்பத்தாவே அதைக் குனிந்து பார்த்து, "களிமண்ணு மாதிரியில்ல இருக்கு" என்றது.

பிசியோ_மீனா, ஞாயிறு இரவு 8.40

இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது, நல்ல அறிகுறி. காலை அளவுதான் உங்கள் அப்பத்தாவின் கால். சாயங்காலத்து அளவை மறந்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது இந்த நாலு எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மேலூர்_பாண்டி, மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9.05

இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னியுங்கள். டாக்டர் சிறுநீரும் ரத்தமும் பரிசோதித்து, ஈ.சி.ஜி. எடுத்து, அம்லோடிபினை ஐந்தாகக் குறைத்து இன்னொரு மாத்திரை சேர்த்தார். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. முட்டை நடக்கிறது, கடலைக்கு மட்டும் தகராறு. நாற்காலிப் பயிற்சிக்குச் சம்பளமாகப் பக்கத்து வீட்டுப் பையன் முட்டையில் பங்கு கேட்கிறானாம்.

முடிவை மாற்றி எழுதிவிட்டேன். வாசகி அக்கா கோபிக்க வேண்டாம், பாலத்துச் சுவர் அப்படியே இருக்கிறது, அதற்கு அப்புறம் இது வருகிறது:

*

அடுத்த தடவை கயல் விடியலிலேயே வந்தாள். அப்பத்தாவின் முன்னெலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். குழி விழவில்லை. டேப்பைச் சுற்றினாள்.

"எவ்வளவு?"

"முப்பதரை."

"போன தடவ முப்பத்து மூணு போட்டியே. குறைஞ்சு போச்சா?"

"ஆமா அப்பத்தா. குறைஞ்சிருச்சு."

"அப்பறம் எதுக்குடி பல்லக் காட்டுற?"

கயல் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்பத்தா உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்தாள். முதல் தடவையே எழுந்து நின்றாள். நின்றவள் சேலையை உதறவில்லை.

*

உசிலை_ராசு, சனி இரவு 9.40

எத்தனை விநாடியில் ஐந்து தடவை?

மேலூர்_பாண்டி, சனி இரவு 9.52

இருபத்தொன்று. உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.